வேன் லீஸ் கணக்கு போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் உஷார் (கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் உள்ளவர்களுக்கு)

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் பால், தயிர் விநியோகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதனால் நாங்கள் சின்னக் கம்பெனியாக இருந்தாலும், வாடகைக்கு எடுத்ததையும் சொத்தாகவும் கடனாகவும் காட்டச் சொல்லும் கணக்கு விதியான இன்ட் ஏஎஸ் 116 எங்களுக்கும் உண்டு. குளிர்பெட்டி வைத்த வேன் ஒன்றை 3 வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். மாதம் 28,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுத் தர நிர்வாகம் வெளியாள் ஒருவரை அமர்த்தியது. பாதிக் கட்டணம் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

அவர் கொடுத்த எக்செல்லில் 28,000-ஐ 36-ஆல் பெருக்கி 10,08,000 என்று ஒரு தொகை. அதையே சொத்தாகவும் கடனாகவும் வைத்திருந்தார். வருஷத்துக்கு 3,36,000 தேய்மானம். கடனிலும் அதே 3,36,000 கழிவு. வட்டி என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "லீஸ் கொடுத்தவர் வட்டி விகிதம் சொல்லவில்லை, அதனால் வரும் மாதங்களின் வாடகையை வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர முடியாது" என்றார்.

இது சுத்தப் புளுகு. வாடகைக்குள் இருக்கும் வட்டி விகிதம் தெரியாவிட்டால், அதே காலத்துக்கு, அதே மாதிரி ஈட்டோடு, அதே மதிப்புள்ள சொத்தை வாங்க நமக்கு எந்த வட்டிக்குக் கடன் கிடைக்குமோ அதைப் போட வேண்டும் என்று 116-லேயே இருக்கிறது. எங்கள் வங்கி சொன்ன விகிதம் 12 சதவீதம். ஒரு போன் பேசியிருந்தால் கிடைத்திருக்கும்.

இரண்டாவது கோளாறு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பைப் படிக்காததால் வந்தது. 28,000-இல் வேனுக்கு 20,000. மீதி 8,000 சர்வீஸுக்கும் வண்டி நின்றுபோனால் மாற்று வண்டி அனுப்புவதற்கும். வெளியே தனித்தனியாக விசாரித்தாலும் ஏறக்குறைய இதே விலைதான். சர்வீஸ் என்பது சொத்து இல்லை, மாதாமாதம் செலவில் போக வேண்டியது. பிரிக்காமல் மொத்தமாகவே கணக்கு வைக்கவும் விதியில் இடமுண்டு. ஆனால் வாகனங்களுக்குப் பிரிப்பதுதான் எங்கள் குழுமத்தின் கொள்கை. அந்தத் தாளையும் அவர் கையில் கொடுத்திருந்தோம்.

கோயம்புத்தூர் ஆடிட்டர் உட்கார்ந்து சரியாகப் போட்டது இது. மாதம் 1 சதவீதம், 36 தவணை, மாதத் தொடக்கத்தில் கட்டுவது:

```
=PV(1%,36,-20000,0,1)
```

விடை 6,08,172. 36 வாடகைகளின் இன்றைய மதிப்பான இதுதான் பயன்பாட்டு உரிமைச் சொத்து, அதாவது வேனை ஓட்டிக்கொள்ளும் உரிமைக்குச் சொத்தாக எழுத வேண்டிய தொகை. முதல் வாடகை அன்றைக்கே கட்டியாகிவிட்டதால் கடன் 5,88,172-இல் தொடங்கும். ஏப்ரல் 1-இல் தொடங்கிய லீஸ் என்பதால் முதல் வருஷத் தேய்மானம் 2,02,724, வட்டி 60,944. இரண்டாம் வருஷம் வட்டி 38,237 ஆகக் குறையும், மூன்றாம் வருஷம் வெறும் 12,647. கடன் சுமை முன்னால் அதிகம் இருப்பதால் வட்டியும் முன்னால்தான் அதிகம்.

முதல் மார்ச் 31-இல் கடன் 4,29,116 நிற்க வேண்டும். அவர் தாளில் 6,72,000. இல்லாத கடனை ஏற்றிக் காட்டிய அந்த பேலன்ஸ் ஷீட்தான் வங்கிக்குப் போகவிருந்தது. செலவிலோ நேர்மாறு. தேய்மானம், வட்டி, சர்வீஸ் 96,000 எல்லாம் சேர்த்தால் 3,59,668 வர வேண்டும். அவர் கணக்கில் 23,668 குறைவு.

யார் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணம், அவர் காட்டிய தேய்மானமும் கட்டிய வாடகையும் ஒரே தொகை. லாப நஷ்டக் கணக்கு பழையபடியே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 116-இல் போட்ட கணக்கில் முதல் வருஷச் செலவு வாடகையோடு ரூபாய் பிசகாமல் பொருந்தினால், எங்கோ வட்டி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எக்செல் கட்டங்களில் ஃபார்முலா இல்லாமல் வெறும் எண்கள் ஒட்டியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். எங்களுக்கு வந்த ஃபைலில் பாஸ்வேர்டு வேறு போட்டு வைத்திருந்தார்.

இதைவிட எரிச்சலான சங்கதி, கோபாலபுரம் பக்கம் தேங்காய் எண்ணெய் வியாபாரம் செய்யும் தனிநபர் ஒருவரிடமும் இதே தாளை விற்றிருக்கிறார். கம்பெனியே இல்லாத அவருக்கு இன்ட் ஏஎஸ் எதற்கு? பட்டியலில் இல்லாத, நிகர மதிப்பு 250 கோடிக்குக் கீழே உள்ள கம்பெனிகளுக்கே, இந்த மாதிரி தாய் நிறுவனத் தொடர்பு இல்லாவிட்டால், இது கட்டாயமில்லை. அப்படிப்பட்டவர்களுக்கான லீஸ் விதியான ஏஎஸ் 19-இன்படி இப்படிப்பட்ட வேன் வாடகையை மாதாமாதம் செலவில் எழுதினால் போதும். அந்த அண்ணாச்சி என்னிடம், "ஏனுங்க, வாடகை வண்டியை எஞ்சொத்துன்னு எழுதச் சொல்றாரே, ஆர்சி புக்கு அவம் பேர்லதானே இருக்குது?" என்று கேட்டார். 116 பொருந்தும் எங்களுக்கு ஆர்சி யார் பேரில் என்பது ஒரு பொருட்டில்லை. அவருக்கோ அந்தக் கேள்வியே வந்திருக்க வேண்டாம்.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு நிர்வாகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. இதுவரை பதில் இல்லை, போனும் எடுப்பதில்லை. இப்போது வாளையார் பக்கம் ஆள் பிடிக்கிறார் என்று கேள்வி.