வவுச்சர் படத்திலிருந்தா, கேஷ் புக்கிலிருந்தா?

பதினாறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்போர் சங்கத்துக்குப் பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு எழுத உட்கார்ந்தேன். செயலாளர் போனில் எடுத்த வவுச்சர் படங்களும், பொருளாளர் எழுதிய கேஷ் புக்கும் கையில் இருந்தன. இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தேன்.

முதலில் படங்கள். ஒவ்வொன்றையும் தேதி, பெற்றவர், காரணம், தொகை என்று எக்செல்லில் ஏற்றினேன். செலவு 96,900 ரூபாய் வந்தது. கேஷ் புக்கில் 96,250. அந்த 650 ரூபாய்க்கு ஒரு வவுச்சரைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அங்கே இருந்தவை இரண்டு தவறுகள். மோட்டார் பழுதுக்கான 1,850 ரூபாய், வவுச்சராக ஒரு படத்திலும் அதனுடன் பின் செய்த கடை பில்லாக இன்னொரு படத்திலும் இருந்தது. நான் இரண்டையும் கூட்டியிருந்தேன். தொட்டி கழுவியவருக்குக் கொடுத்த 1,200 ரூபாய்க்கு வவுச்சரே இல்லை. 1,850 கூடி 1,200 குறைந்ததில் மிஞ்சியதுதான் 650.

படம் ஏமாற்றும் இன்னொரு இடம் மார்ச் மாதம். காவலரின் வவுச்சரில் 'மார்ச் சம்பளம்' என்று இருக்கும். பணம் கொடுத்தது ஏப்ரல் 3. இந்தக் கணக்கில் பணம் கைமாறிய நாள்தான் முக்கியம், ஆகவே அது அடுத்த ஆண்டுக்குப் போகும். போன ஆண்டின் மார்ச் சம்பளம் இங்கே வரும். கேஷ் புக்கில் கொடுத்த தேதிப்படி எழுதியிருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை.

சரி, கேஷ் புக்கை அப்படியே நம்பலாமா? அதிலும் ஒரு பள்ளம் உண்டு. ரொக்கமாக வசூலான சந்தாவில் 20,000 ரூபாயை வங்கியில் கட்டியிருந்தார்கள். அது ரொக்கப் பத்தியில் செலவாகவும் வங்கிப் பத்தியில் வரவாகவும் நிற்கும் எதிர்ப்பதிவு. பத்திகளின் கூட்டுத்தொகையை அப்படியே தூக்கிப் போட்டால் வரவும் செலவும் 20,000 வீங்கும். ஆனால் இறுதி இருப்பு சரியாகவே வரும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. படங்களில் இந்தத் தொல்லை குறைவு. வங்கிச் செலான் படத்தை மட்டும் ஒதுக்கினால் போதும். ஆனால் வவுச்சர் படம் வரவைச் சொல்லாது. அதற்கு ரசீது அடிக்கட்டைகள் வேண்டும்.

நான் கேஷ் புக்கிலிருந்துதான் தொடங்குவேன். எதிர்ப்பதிவுகளைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஒவ்வொரு செலவு வரிக்கும் பக்கத்தில் படத்தின் எண்ணைக் குறிப்பேன். எண் இல்லாத வரியும், வரி இல்லாத படமும் உடனே துருத்திக்கொண்டு நிற்கும். கேஷ் புக்கை ஆண்டு முடிவில் ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தால் மட்டும் படங்களும் வங்கிப் பாஸ்புக்கும்தான் முதலில்.

கடைசியில் கணக்கு இப்படி நின்றது: தொடக்க இருப்பு 44,700, சந்தா 96,000, வங்கி வட்டி 1,300, செலவு 96,250, மீதி 45,750. பெட்டியில் 2,650, பாஸ்புக்கில் 43,100 இருந்தன. தொட்டி கழுவியவரிடம் அன்றைய தேதியிட்டே ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கி, பணம் கொடுத்த தேதியை உள்ளே எழுதி வைத்தோம்.