தள்ளுபடி போட்ட வாரத்திலேயே விளம்பரத்தையும் மாற்ற விட்டேன், கூடுதல் விற்பனை எல்லாம் ஏஜென்சி கணக்கில் போய்விட்டது

ஆன்லைனில் பைகள் விற்கிறேன். விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சியை வைத்தேன். மாதக் கட்டணம் கம்மி, ஆனால் "விளம்பரத்தால் கூடும் விற்பனையில்" 10 சதவீதம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. விளம்பரத்தால் கூடியது எவ்வளவு என்று யார், எப்படிக் கணக்கிடுவது என்பது மட்டும் அதில் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர்கள் ஆள் ஒருவர் அடிக்கடி போன் செய்து "சார், அடுத்த ஆஃபர் எப்போ?" என்று விசாரிப்பார். அக்கறை என்று நினைத்தேன். திங்கட்கிழமை 20 சதவீதத் தள்ளுபடி ஆரம்பம் என்று சொன்னேன், அதே திங்கட்கிழமை காலை பழைய விளம்பரங்களை எல்லாம் நிறுத்திவிட்டுப் புதியவற்றை ஏற்றிவிட்டார்கள். செலவு மட்டும் முன்பு இருந்த அதே தொகை.

முந்தைய வாரம் 200 ஆர்டர், அந்த வாரம் 340. ரிப்போர்ட் வந்தது: "புதிய விளம்பரத்தால் விற்பனை 70% உயர்வு". கூடவே 140 ஆர்டருக்கான பில். தள்ளுபடியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

எனக்கு உறுத்தியதால் கடையின் சொந்தக் கணக்கை எடுத்து, வந்தவர்களை இரண்டாகப் பிரித்தேன். விளம்பரத்தை அழுத்தி வந்தவர்கள் ஒரு பக்கம், கடைப் பெயரைத் தேடியோ முகவரியைத் தட்டியோ தாங்களாகவே வந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டத்துக்கும் புதிய விளம்பரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை, ஆனால் தள்ளுபடி அவர்களுக்கும் உண்டு. அந்த வாரம் நான் மின்னஞ்சல் எதுவும் அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால் இந்தக் கணக்கே கெட்டிருக்கும்.

தாங்களாக வந்தவர்கள் முன்பு 4,000 பேர், அதில் வாங்கியவர்கள் 100, அதாவது 2.5 சதவீதம். தள்ளுபடி வாரத்தில் 4,100 பேர் வந்து 164 பேர் வாங்கினார்கள், 4 சதவீதம். விளம்பர வழியில் முன்பு 4,000 பேருக்கு 100 ஆர்டர், அப்புறம் 4,400 பேருக்கு 176. அதுவும் 2.5-லிருந்து 4! புதிய விளம்பரத்தையே பார்க்காதவர்களும் அதே அளவு கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள் என்றால், அந்த உயர்வு தள்ளுபடியுடையது. விளம்பரம் செய்தது, அதே செலவில் 400 பேரைக் கூடுதலாக அழைத்து வந்தது. அவர்களைப் பழைய 2.5 சதவீதத்தில் வைத்தால் 10 ஆர்டர், தள்ளுபடியோடு 4 சதவீதத்தில் வைத்தால் 16. தானாக வந்த கூடுதல் 100 பேரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களே என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் இன்னொரு 4. ஆக 140-ல் அதிகபட்சம் 20.

அந்த 400-உம் சுத்தமாக விளம்பரத்தின் வேலை இல்லை, ஏனென்றால் படத்தில் பாதி இடத்துக்கு "20% தள்ளுபடி" என்று எழுதியிருந்தார்கள்.

இது துல்லியமான கணக்கு என்று சொல்ல மாட்டேன். தானாக வருபவர்களில் பழைய வாடிக்கையாளர்கள் அதிகம், விலை குறைந்தால் அவர்கள் புதியவர்களைவிட வேகமாக வாங்கலாம். அப்படியென்றால் விளம்பர வழியில் வந்த உயர்வில் கொஞ்சம் புதிய விளம்பரம் சரியான ஆட்களைக் கொண்டுவந்ததால் இருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் அந்தச் சந்தேகமும் குறைந்தது. ஞாயிறோடு தள்ளுபடி முடிந்தது, விளம்பரத்தில் அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே ஓட்டினார்கள். விளம்பரத்திலிருந்து 4,300 பேர், ஆர்டர் 95. தானாக 3,900 பேர், ஆர்டர் 82. மொத்தம் 177, பழைய 200-ஐவிடக் கீழே! எப்படியும் வாங்கவிருந்த சிலர் தள்ளுபடியைப் பார்த்து ஒரு வாரம் முன்பே வாங்கிவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கேட்டால் "சீசன் டல் சார்" என்கிறார். ஏறும்போது விளம்பரம், இறங்கும்போது சீசன்.

இன்னொன்று. அவர்கள் ரிப்போர்ட்டில் விளம்பரத்தால் வந்தவை 230 ஆர்டர், என் கணக்கில் 176. விளம்பரத் தளம் அழுத்தியவர்களை மட்டும் எண்ணுவதில்லை, வெறுமனே பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவர்களையும் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் அமைப்பில் வைத்திருந்தார்கள். தள்ளுபடி வாரத்தில் எல்லோரும்தான் வாங்குகிறார்கள், அதில் விளம்பரம் யார் கண்ணில் பட்டாலும் வரவு அதற்குத்தான்.

பழைய விளம்பரத்தைப் பாதிப் பேருக்கும் புதியதை மீதிப் பேருக்கும் குலுக்கல் முறையில் பிரித்து ஓட்டியிருந்தால் தள்ளுபடி இரு பக்கமும் சமமாக இருந்திருக்கும், மிச்ச வித்தியாசம் விளம்பரத்துடையது என்று ஒரே வாரத்தில் தெரிந்திருக்கும். இதை அந்தத் தளத்திலேயே செய்யலாம். இப்போதாவது செய்யுங்கள் என்று கேட்டேன். "ஒப்பந்தத்தில் இல்லை" என்று பதில் வந்தது. பில்லைக் கட்டிவிட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டேன்.

அடுத்தவரிடம் போட்ட ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: தள்ளுபடி ஓடும் நாட்களிலும் அதற்கு முன்பின் ஒரு வாரமும் விளம்பரத்தை மாற்றக் கூடாது, மாற்றினால் பழையது பாதிப் பேருக்கு ஓடியே ஆக வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அவர் அந்த வரிகளை இரண்டு முறை படித்தார்.