சிங்கப்பூர் சம்பளத்த ரேட்டு ஏறட்டும்னு வச்சிருந்தா என்ன கெடைக்கும்? என் பல வருஷ அனுபவம்

மன்னார்குடி பக்கம் நம்ம ஊரு, சிங்கப்பூர்ல சிப்யார்டு வேலை. சம்பளம் போட்ட அன்னைக்கு டார்ம்ல பேச்சே வெள்ளி ரேட்டு பத்திதான், அதாவது ஒரு சிங்கப்பூர் டாலருக்கு எத்தன ரூவான்னு, "மாப்ள இன்னும் ஒரு ரூவா ஏறட்டும்டா, அப்பறம் அனுப்பலாம்"னு பாதிப் பேரு போன பாத்துக்கிட்டே இருப்பானுங்க.

நான் அப்படி நிறுத்தி வைக்கிறதில்ல, மாசாமாசம் அனுப்பிடுவேன். ஏன்னா கணக்கு போட்டுப் பாத்தேன். ரேட்டு 60, மிச்சம் 800 வெள்ளின்னா 48,000 ரூவா. என்ஆர்இ டெபாசிட்டுல 7 சதவீதம்னு வச்சுக்கிட்டா மாசம் 280 ரூவா வட்டி, மூணு மாசத்துக்கு 840. அந்த 800 வெள்ளி இங்க சும்மா கெடந்தா, அந்த வட்டிய ஈடுகட்டவே ரேட்டு 61.05 ஆகணும், அதுக்கு மேல போனாதான் லாபம். என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு ஊர்ல வரி கெடையாது, ஆனா ஒரு வருஷம் முடியறதுக்குள்ள ஒடச்சா வட்டியே தரமாட்டாங்க, அதனால அவசரத்துக்கு வேணுங்கிற காச அதுல போட்றாதீங்க.

"ரூவா எப்பவும் எறங்கிட்டேதானே இருக்கு"ம்பாங்க. சராசரி பாத்தா சரிதான், 2013 ஆரம்பத்துல 45 கிட்ட இருந்த வெள்ளி 2023 ஆரம்பத்துல 61 சொச்சம், வருஷத்துக்கு மூணு சதவீதம் சில்லறை வருது. அந்த சராசரிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. 2013 ஆகஸ்ட் கடைசில ரூவா சரிஞ்சப்ப வெள்ளி 53 தாண்டுச்சு. எங்க ரூம்ல ஒரு அண்ணன் 55 வரும்னு நிறுத்தி வச்சாரு, வரல, 2017ல 46க்கு வந்துருச்சு, திரும்ப 53ஐப் பாக்க 2018 ஆயிருச்சு. அஞ்சு வருஷம் சும்மா கெடந்த காசு! மலேசியாவுல இருந்தவங்க கதை இன்னும் மோசம், 2014ல 18 ரூவாக்கு மேல இருந்த ரிங்கிட் அடுத்த வருஷமே 15க்கு எறங்குச்சு, சம்பளம் அதே சம்பளம்தான்.

மாசாமாசம் அனுப்புனா ரேட்டு எறங்காதுன்னு இல்ல, எல்லா மாச ரேட்டோட சராசரி கெடைக்கும், உச்சத்துலயும் மாட்டாது, அடிலயும் மாட்டாது, அவ்ளோதான். அனுப்புற கூலி ஒவ்வொரு தடவையும் ஒரே தொகைங்கிறதால ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா சேத்து அனுப்புறவங்களும் உண்டு, கூலி 5 வெள்ளின்னா 300 ரூவா மிச்சம், ஆனா ஒரு மாச வட்டி 280 போயிருது, கிட்டத்தட்ட ஒண்ணுதான். கடைல போட்ருக்கிற ரேட்ட மட்டும் பாக்காதீங்க, கூலி போக ஊர்ல எத்தன ரூவா ஏறும்னு கேட்டு அத வச்சு ரெண்டு கடைய ஒப்பிட்டுப் பாருங்க.

ஏஜெண்டுக்கு கட்டுன காசு ரெண்டு வட்டிக்கு வாங்குனதா? அப்ப ரேட்டெல்லாம் பாக்கவே வேணாம். அந்தக் கடனுக்கு அனுப்பாம நிறுத்துற ஒவ்வொரு மாசமும் 60ஆ இருக்கிற வெள்ளி ரேட்டு 61.20 ஆகணும், அடுத்த மாசம் அதுக்கும் மேல. சம்பா நடவுக்கு கூலியும் அப்படித்தான், மேட்டூர் தண்ணி வந்து நாத்து பறிச்சாச்சுன்னா வீட்டுல கேக்கறது அன்னைக்கே, ரேட்டு 58ஆ இருந்தாலும் அனுப்பித்தான் ஆகணும், அதுனால அந்த ரூவாய நான் சித்திரைலேருந்தே கொஞ்சம் கொஞ்சமா அனுப்பி ஊர் சேமிப்புக் கணக்குல போட்டு வச்சிருவேன்.