"50 கெபாசிட்டி" பாய்லர்: 1,64,000 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

இன்று காலையும் இட்லி 40 நிமிடம் தாமதம். ஹாஸ்டல் வார்டன் திட்டக்கூட இல்லை, "நாளைக்கு நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்"னு சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெரிய அளவில் இட்லி போடுகிறவர்கள், போடப் போகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கீழே சொல்கிறேன்.

நான் நாமக்கல் பக்கம் கேட்டரிங் செய்கிறேன். ஒரு கல்லூரி ஹாஸ்டலுக்குத் தினமும் 1,250 இட்லி, ஏழேகாலுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஆர்டர் கிடைத்தது. கோவைப் பக்கம் ஓட்டல் சாமான் செய்யும் ஒரு பட்டறையில் கேஸ் பாய்லர் ஒன்றும் ஸ்டீம் இட்லிப் பெட்டி இரண்டும் வாங்கினேன். ஒரு பெட்டிக்கு 12 தட்டு, தட்டுக்கு 18 குழி. இரண்டு பெட்டியும் சேர்ந்தால் ஒரு ஈட்டுக்கு 432 இட்லி. பத்து நிமிடத்தில் வெந்துவிடும், மூன்றே ஈட்டில் ஆர்டர் முடிந்தது என்றார்கள். மொத்தம் 1,64,000 ரூபாய். பாதி நகைக்கடன்.

நம்பியது எங்கே என்று யோசித்துப் பார்த்தால், அந்த டெமோதான். நான் போனபோது பெட்டி ஏற்கெனவே கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஆறு தட்டு மட்டும் உள்ளே போனது. ஒன்பதாவது நிமிடம் கதவைத் திறந்தார்கள், இட்லி பூ மாதிரி. பட்டறைக்காரரே தட்டில் வைத்துச் சட்னி ஊற்றிக் கொடுத்தார். "நானும் ஓட்டல்காரன் பையன்தாங்ணா, உங்ககிட்ட பொய் சொல்லுவனா? 50 கெபாசிட்டி பாய்லருங்ணா, ரெண்டு பெட்டிய அசால்ட்டா இழுக்கும். கேஸும் கம்மியாத்தான் குடிக்கும்" என்றார். மூன்று இட்லி சாப்பிட்டேன், முன்பணம் போட்டேன். பெட்டி ஏன் முன்கூட்டியே சூடாக இருக்கிறது, ஏன் பாதித் தட்டு, இரண்டாவது பெட்டியின் வால்வு ஏன் மூடியிருக்கிறது, இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. இருபது வருடமாக இட்லி ஊற்றுகிறவன் நான்.

முதல் நாள் 24 தட்டையும் ஏற்றி இரண்டு வால்வையும் திறந்தேன். பிரஷர் மீட்டர் முள் சர்ரென்று பூஜ்யத்துக்கு இறங்கியது, ஏறவே இல்லை. பத்தாவது நிமிடம் கதவைத் திறந்தால், இட்லியின் ஓரம் கட்டியிருக்கிறது, நடுவில் விரல் வைத்தால் மாவு. மூடி மறுபடி வைத்தோம். திறந்ததில் இருந்த ஆவியும் போனது. கடைசியில் 23 நிமிடம் ஆனது. வந்த இட்லி தட்டை, உப்பலே இல்லை. சூடு மெதுவாக ஏறினால் மாவு கட்டுவதற்கு முன்பே அதில் உள்ள காற்று வெளியேறிவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் எழும்பாது. அடுத்த ஈட்டுக்கு ஊற்றி வைத்த தட்டுகளும் வெளியே காத்திருந்து அமுங்கிப் போயின.

போன் செய்தேன். முதல் பதில்: "மாவு சரியில்லைங்ணா, உளுந்தைக் கூட்டுங்க." இரண்டாவது பதில்: "பிரஷரைக் கூட்டி வைங்க." பெட்டி என்ன குக்கரா? கதவு இடுக்கிலும் வடிகுழாயிலும் ஆவி வெளியே போகிற சாதாரணப் பெட்டி. பாய்லரில் எத்தனை பிரஷர் இருந்தாலும் இட்லிக்குக் கிடைப்பது 100 டிகிரிதான். அதில் கணக்கு பிரஷர் அல்ல, மணிக்கு எத்தனை கிலோ ஆவி வருகிறது என்பதுதான். மூன்றாவதாக ஒரு பையனை அனுப்பினார்கள். அவன் தட்டை ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கச் சொன்னான். உடனே 13 நிமிடத்தில் வெந்தது. பாதிச் சுமைதானே, வேகாமல் என்ன செய்யும்! ஒரு பெட்டியை மட்டும் முழுதாக ஏற்றிப் பார்த்தேன், அதுவும் கிட்டத்தட்ட அதே நேரம். எப்படி மாற்றி அடுக்கினாலும் மணிக்கு 850 இட்லியைத் தாண்டவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மைத்துனன் சாயப்பட்டறையில் பாய்லர் பார்ப்பவன், அவனை வரவழைத்தேன். ஒரு டிரம்மில் 40 லிட்டர் பச்சைத் தண்ணீர் பிடித்து எடை போட்டான். ஆவிக் குழாயைத் தண்ணீருக்குள் சரியாக ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி எடை போட்டான். தண்ணீருக்குள் போன ஆவி தண்ணீராகத்தானே ஆகும்? கூடிய எடை 2 கிலோ 100 கிராம். மணிக்குக் கணக்கிட்டால் 25 கிலோ, "50 கெபாசிட்டி" என்றதை மணிக்கு 50 கிலோ ஆவி என்று நான் நம்பியதில் பாதி. சிலிண்டரையும் எடை போட்டோம், ஒரு மணி நேரம் முழுத் தீயில் எரித்தும் குறைந்தது 2 கிலோ சொச்சம்தான். ஒரு கிலோ கேஸுக்கு நல்ல பாய்லரிலேயே 12, 13 கிலோ ஆவிதான் வரும். 50 கிலோ ஆவி வேண்டுமென்றால் மணிக்கு நாலு கிலோ கேஸ் எரிந்தே ஆக வேண்டும். "கேஸ் கம்மியா குடிக்கும்" என்று அவர் பெருமையாகச் சொன்னது உண்மைதான், குடிக்காததால்தான் ஆவியும் வரவில்லை!

என் சுமைக்கு எவ்வளவு வேண்டும் என்றும் அவனே போட்டுக் காட்டினான். 432 இட்லிக்கு 26 கிலோ மாவு. அதையும் 24 தட்டையும் சூடாக்க மட்டும் சுமார் 3 கிலோ ஆவி உறிஞ்சப்படும். அது முதல் நாலு நிமிடத்துக்குள் கிடைத்தால்தான் பத்து நிமிடத்தில் இட்லி இறங்கும். அதாவது மணிக்கு 45 கிலோ வேகம். குழாயிலும் கதவிலும் போகும் சேதாரத்தைச் சேர்த்தால் 50 கிலோகூட இழுபறிதான். எனக்குக் கிடைப்பதோ 25.

இதை அப்படியே பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதிலை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. "50ன்னா 50 லிட்டருங்ணா, டேங்க் அளவு. ஆவின்னு நான் எப்பங்ணா சொன்னேன்?" பில்லை எடுத்துப் பார்த்தேன். "ஸ்டீம் பாய்லர் 50 கெபாசிட்டி, 1 எண்ணம்", அவ்வளவுதான். 50 என்ன என்று எங்கேயும் இல்லை. பாய்லர் மேலே ஒட்டிய தகட்டிலும் இல்லை. டேங்க் எத்தனை லிட்டர் என்பதற்கும் மணிக்கு எத்தனை கிலோ ஆவி என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. அண்டா பெரிதாக இருந்தால் அடுப்பு பெரிதாகிவிடுமா?

இப்போது பழையதை 20,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறாராம், மேலே 70,000 போட்டால் பெரியது தருவாராம். 1,64,000 ரூபாய் வாங்கின மனுஷன்! நேற்றிலிருந்து போனும் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் இரண்டு டிக் விழுகிறது, பதில் இல்லை.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்வதாக எழுதினேன். பொறுமை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். மணிக்கு எத்தனை கிலோ ஆவி என்று பில்லில் எழுதி வாங்குங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றி எடுத்த கணக்கா என்றும் கேளுங்கள், சுடுதண்ணீரில் எடுத்த கணக்கு என்றால் எட்டில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். டெமோவில் ஆறிய பெட்டி, முழுத் தட்டு, இரண்டு வால்வும் திறந்து. டிரம் சோதனையை அங்கேயே செய்யுங்கள், ஆனால் தீயை அணைப்பதற்கு முன் குழாயைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரைப் பாய்லர் உள்ளே இழுத்துக்கொள்ளும். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், என் மைத்துனனுக்கு முழங்கை வெந்துவிட்டது.

நேரமாகிறது. நாளைக்கு ஊறவைக்கலாமா வேண்டாமா என்று மாஸ்டர் வந்து நிற்கிறார்.