மனசைச் சொல்லும் கடிதமா, மீட்டரைக் காட்டும் கடிதமா?

மகளுக்கு ஆறு வயது, டைப் 1 சர்க்கரை நோய். தோலில் ஒட்டிக்கொண்டு சுகர் அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சாருக்கு விண்ணப்பித்தோம். காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு என்னிடம் இரண்டு வரைவுகள் தயாராயின. ஒன்று நான் ஒரே இரவில் எழுதியது. மற்றொன்று டாக்டரும் டயபடிஸ் நர்ஸும் சொல்லிச் சொல்லி ஒரு வாரத்தில் உருவானது. அனுப்பியது இரண்டாவதைத்தான். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

முதல் வரைவில் எல்லாம் இருந்தது. நோய் தெரியவந்த நாள், ஊசி போடும்போது குழந்தையின் அழுகை, தூக்கமில்லாத எங்கள் இரவுகள். ஒரு வரியும் பொய் இல்லை. மனைவி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸ் படித்துவிட்டு, "நல்லா இருக்கு சார். ஆனா அவங்க சொன்ன காரணத்துக்கு இதுல பதில் எங்க இருக்கு?" என்றார்.

மறுப்புக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த காரணம் இரண்டே வாக்கியம். குழந்தையின் HbA1c 6.9, கட்டுப்பாட்டில் உள்ளது. விரலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையே போதுமானது, எனவே சென்சாருக்கு மருத்துவ அவசியம் நிறுவப்படவில்லை. என் வரைவு இந்த இரண்டு வாக்கியங்களையும் தொடவே இல்லை. படிப்பவர் இரங்கலாம். ஆனால் கோப்பில் முடிவை மாற்றி எழுத அவருக்கு ஒரு காரணம் வேண்டும். இரக்கத்தை அந்தக் கட்டத்தில் எழுத முடியாது.

இரண்டாவது வரைவு அந்த இரண்டு வாக்கியங்களை மட்டுமே பிடித்துக்கொண்டது.

முதலில் 6.9. HbA1c ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எண். 6.9 என்றால் சராசரி சுகர் 150 மி.கி. அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம். நாள் முழுக்க 150-லேயே இருக்கும் குழந்தைக்கும் சராசரி 150. பாதி நேரம் 50, பாதி நேரம் 250 என்று ஏறி இறங்கும் குழந்தைக்கும் சராசரி 150. அடிக்கடி சுகர் ரொம்பக் குறைந்து லோ ஆகும் குழந்தையின் HbA1c அழகாகத் தெரிவதற்கு அந்த லோக்களே காரணமாக இருக்கலாம். எங்கள் டாக்டர் இதைக் கடிதத்தில் மூன்றே வரியில் எழுதினார். பாராட்டுச் சான்றிதழ் போல எங்கள் மீது திருப்பப்பட்ட எண்ணை அவர் ஆதாரமாக மாற்றியது அப்படித்தான்.

அடுத்தது "விரல் குத்தினால் போதும்". எங்கள் மேல்முறையீட்டின் உயிர் இங்கேதான் இருந்தது. எனவே இதற்கு அதிக இடம் கொடுத்தோம்.

குளுக்கோமீட்டரில் தேதி, நேரத்தோடு எல்லா அளவும் சேமிப்பில் இருக்கும். முப்பது நாள் பதிவை இறக்கி எடுத்தோம். மொத்தம் 231 அளவுகள், அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய எட்டு முறை குத்தியிருக்கிறோம். அதில் 70-க்குக் கீழ் 17 முறை. அந்தப் பதினேழில் மூன்று, 54-க்கும் கீழ். எழுபதுக்குக் கீழ் போனாலே லோ. 54-க்குக் கீழ் என்பது உடனடியாகக் கவனிக்க வேண்டிய நிலை. அப்புறம் நர்ஸ் ஒரு கேள்வி கேட்டார்: இரவு பத்து முதல் காலை ஆறு வரை எத்தனை அளவு இருக்கிறது? பதினொன்று. அதாவது முப்பது இரவுகளில் பதினொரு இரவு மட்டும் நடுராத்திரியில் எழுந்து குத்தியிருக்கிறோம். அந்தப் பதினொன்றில் நான்கு லோ.

மீதிப் பத்தொன்பது இரவுகளில் என்ன நடந்தது என்பதற்குப் பதிவே இல்லை. கடிதத்தின் மையம் அந்த வெற்றிடம்தான்.

இங்கே நான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். பதினொன்றில் நான்கு என்றால் முப்பதில் பதினொன்று என்று கணக்குப் போட்டு எழுதினேன். டாக்டர் அடித்துவிட்டார். சந்தேகம் வந்த இரவுகளில்தான் நாங்கள் எழுந்திருக்கிறோம், மற்ற இரவுகளும் அப்படியே என்று சொல்ல முடியாது. மறுஆய்வு செய்யும் மருத்துவர் அந்த ஓட்டையைப் பிடித்தால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார். அதனால் கடிதத்தில் இப்படிப் போனது: "சந்தேகத்தின் பேரில் சோதித்த 11 இரவுகளில் 4 முறை அளவு 70-க்குக் கீழ் இருந்தது. சோதிக்காத 19 இரவுகளைப் பற்றி எங்களால் எதுவும் கூற இயலவில்லை. அதை அறியும் வழியைத்தான் கோருகிறோம்."

ஒரு குறிப்பிட்ட இரவையும் சேர்த்தோம். ஒன்பதரைக்கு மீட்டர் காட்டியது 112. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். ஆனால் எட்டரைக்குச் சாப்பாட்டோடு போட்ட இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு 51. அவள் எழவும் இல்லை, முனகவும் இல்லை. தூக்கத்தில் லோவுக்கு உடல் காட்டும் எச்சரிக்கை மங்கிவிடும். விழித்திருக்கும்போதே ஆறு வயதுக் குழந்தைக்குப் பல நேரம் அதைச் சொல்லத் தெரியாது. குத்திப் பார்த்தால் அந்த நிமிடத்து எண் கிடைக்கும். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெரியாது. சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து, திசையை அம்புக்குறியாகக் காட்டி, இறங்கும்போதே அலாரம் அடிக்கும்.

சென்சாரின் குறைகளை மறைக்கவில்லை. அது ரத்தத்தை அல்ல, தோலடித் திரவத்தை அளக்கிறது. சுகர் வேகமாக மாறும்போது சில நிமிடம் பின்தங்கும். அதன் மேலேயே படுத்தால் பொய்யாக லோ காட்டலாம். சந்தேகம் வந்தால் விரலில் குத்தித்தான் உறுதி செய்வோம் என்று எழுதினோம்.

டாக்டரின் அமைப்பில் ஏற்கெனவே தயாராக இருந்த பொதுக் கடிதம் மூன்றாவது வழி. பெயரை மட்டும் மாற்றி அனுப்பலாம். டைப் 1 குழந்தைகளுக்கு நோய் தெரிந்தவுடனோ அதன்பின் இயன்ற அளவு சீக்கிரமோ சென்சாரைத் தொடங்கச் சொல்லும் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல் அதில் இருந்தது. அந்தப் பத்தியை எடுத்து எங்கள் கடிதத்தின் கடைசியில் வைத்தோம். தனியாக அனுப்பியிருந்தால் போதியிருக்காது என்பது என் எண்ணம். மறுத்தவர்களுக்கும் அந்த வழிகாட்டுதல் தெரியாமல் இருந்திருக்காது.

என் முதல் வரைவு முழுக்க வீண் போகவில்லை. பன்னிரண்டரை மணி இரவின் பத்தி அதிலிருந்து வந்ததுதான், எண்ணும் நேரமும் மட்டும் சேர்ந்தன. தேதியோடு நிற்கும் ஒரே ஒரு சம்பவம் என்றால் பெற்றோர் கடிதத்துக்கும் இடம் உண்டு.

இதெல்லாம் "மருத்துவ அவசியம் இல்லை" என்ற மறுப்புக்குத்தான் பொருந்தும். "இந்தச் சாதனம் பாலிசியிலேயே இல்லை" என்று வந்திருந்தால் மீட்டர் பதிவை வைத்து என்ன செய்வது? அங்கே வாதம் பாலிசியின் வாசகத்தோடுதான். எனக்கு அந்த அனுபவம் கிடையாது. லோவே அதிகம் இல்லாத, எப்போதும் ஏறியே இருக்கும் குழந்தைக்கு இதே கடிதம் எவ்வளவு தூரம் போகும் என்றும் தெரியவில்லை. நான் போட்டது ஒரே ஒரு மேல்முறையீடு.

எங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது, ஆறு மாதத்துக்கு மட்டும். நீட்டிக்க வேண்டுமென்றால் சென்சாரைத் தொடர்ந்து பயன்படுத்தியதற்கான பதிவு வேண்டுமாம். பழைய மீட்டரில் இருந்ததையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.