காரைநகரைத் துண்டிக்கும் வீதி எது? இரண்டு கணக்குகளும் இரண்டு விடைகளும்

பொன்னாலைப் பாலத்தை மூடினால் காரைநகருக்கு வாகனத்தில் போக வேறு வீதி இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் யாழ்ப்பாணத்து வீதிகளை பிட்வீன்னஸ் என்ற அளவின்படி வரிசைப்படுத்திப் பார்த்தால், அந்தப் பாலம் முதலிடத்துக்கு வரும் என்று நம்பியிருக்க முடியாது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு இரண்டு சந்திகளுக்கும் இடையிலான குறுகிய வழியை எடுத்து, அது எந்தெந்த வீதித்துண்டின் மேல் போகிறது என்று எண்ணுவதுதான் பிட்வீன்னஸ். உதாரணத்துக்கு, வரைபடத்தில் 1,000 சந்திகள், அதில் 40 காரைநகரில் என்று வைத்துக்கொள்வோம். பாலத்தைக் கடக்கும் சோடிகள் 40 × 960 = 38,400. மொத்தச் சோடிகள் 499,500. நகருக்குள் ஒரு வீதித்துண்டின் மேல் அதில் பத்தில் ஒரு பங்கு போனாலே 49,950 ஆகி, பாலத்தை முந்திவிடும். அந்தத் துண்டை மூடினால் என்ன நடக்கும்? பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் போவார்கள், அவ்வளவுதான். நெரிசலைக் காட்டும் எண் அது. சிறிய ஊரின் ஒரே வழியை அது கீழே தள்ளிவிடும்.

இரண்டாவது வழி, எடுத்தால் வரைபடம் இரண்டாகப் பிரியும் இணைப்புகளை நேரடியாகத் தேடுவது. networkx-இல், G திசையில்லாத வீதி வரைபடமாக இருந்தால்:

```python
vettu = list(nx.bridges(G))
```

இதற்கும் ஒரு குறை உண்டு. ஒரு பக்கம் முடிந்துபோகும் ஒவ்வொரு ஒழுங்கையும் பட்டியலில் வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு இணைப்பையும் எடுத்துப் பார்த்து, பிரிந்துபோகும் சிறிய பக்கத்தில் எத்தனை வீடுகள் என்று எண்ணி, அதன்படி வரிசைப்படுத்த வேண்டும். ஊர் துண்டிக்கப்படுமா என்ற கேள்விக்கு நான் இதைத்தான் தேர்வு செய்வேன்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ‘பாதை’ ஓடுகிறது. அந்தப் படகு வழியும் வரைபடத்தில் சாதாரண இணைப்பாகச் சேர்ந்துவிட்டால், காரைநகர், ஊர்காவற்றுறை, வேலணை, பண்ணை, யாழ்ப்பாணம், பொன்னாலை என்று ஒரு வளையம் உருவாகிவிடும். உடனே பொன்னாலைப் பாலமும் பண்ணைப் பாலமும் பட்டியலிலிருந்து காணாமல் போகும். இரண்டும் இல்லாத பட்டியலைக் கண்டால் முதலில் படகு இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள்.

சரி, பிட்வீன்னஸுக்கு வேலையே இல்லையா? ஆனையிறவில் இருக்கிறது. அங்கே ஏ9 வீதியை மூடினாலும் கேரதீவு–சங்குப்பிட்டி வழியாக ஏ32இல் பூநகரிக்குப் போகலாம் என்பதால் nx.bridges இரண்டையும் பிடிக்காது. ஆனையிறவை எடுத்துவிட்டு பிட்வீன்னஸை மறுபடி கணக்கிட்டால், அதன் சுமை சங்குப்பிட்டிப் பாலத்தின் மேல் ஏறுவது தெரியும். அந்தச் சோதனைக்கு வரைபடம் யாழ் மாவட்ட எல்லையோடு நிற்கக்கூடாது. ஆனையிறவும் பூநகரியும் கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கின்றன. எல்லையில் வெட்டினால் ஆனையிறவு வரைபடத்திலேயே இருக்காது, கேரதீவு வீதியும் கடலோரத்தில் முடிந்துபோன ஒரு ஒழுங்கையாகத்தான் தெரியும்.