காந்தம் பிடிக்காததெல்லாம் பித்தளை அல்ல: குளியலறைப் பைப் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலையில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் பழைய குளியலறையைத் திருத்திக்கொண்டிருப்பவர்களும் கடைக்குப் போகுமுன் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பித்தளை என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட நான்கு பைப்புகளில் ஒன்று, பொருத்தி 19 மாதங்கள் ஆன நிலையில், சுவரை ஒட்டிய கழுத்துப் பகுதியில் முறிந்து விழுந்தது. அன்று நாங்கள் பாலையூற்றில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். மாலையில் உப்புவெளிக்குத் திரும்பி வந்தபோது, கூரைமேல் இருந்த 1000 லீற்றர் தாங்கி முழுவதும் காலியாகியிருந்தது. தண்ணீர் குளியலறையைத் தாண்டி அறைகளுக்குள் புகுந்து, அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையும் நனைத்திருந்தது.

வாங்கிய நாளில் நடந்ததை முதலில் சொல்கிறேன், ஏனெனில் ஏமாற்று அங்கேதான் இருந்தது. கிணற்று நீர் பாவிக்கும் வீடு என்பதால் பித்தளைதான் வேண்டும் என்று நான் தெளிவாகக் கேட்டேன். கடைக்காரர் ஒரு பைப்பை எடுத்து, மேசை இழுப்பறையிலிருந்து சிறு காந்தம் ஒன்றை எடுத்து ஒட்டிக் காட்டினார். "பாருங்கோ ஐயா, காந்தம் பிடிக்குதே இல்லை, அசல் பித்தளை" என்றார். நான் இன்னும் தயங்குவதைக் கண்டு, கைப்பிடியைக் கழற்றி, உள்ளே திருகிப் பூட்டியிருக்கும், நீரைத் திறந்து மூடும் கார்ட்ரிஜை வெளியே எடுத்து அதன் மஞ்சள் நிறத்தையும் காட்டினார். நான்கையும் ஒவ்வொன்று 2,650 ரூபாவுக்கு வாங்கினேன்.

அவர் காட்டிய இரண்டும் உண்மை. இரண்டுமே பைப்பின் உடல் பித்தளை என்பதற்குச் சான்று அல்ல. காந்தம் இரும்பு போன்ற சில உலோகங்களைத்தான் பிடிக்கும். பித்தளையையும் பிடிக்காது, நாகத்தையும் பிடிக்காது, பிளாஸ்ரிக்கையும் பிடிக்காது. மலிவான பைப்புகளில் கார்ட்ரிஜ் மட்டும் பித்தளையில் இருப்பதும், அதைச் சுற்றியுள்ள உடல் நாகக் கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டிருப்பதும் சாதாரணமாக நடப்பதுதான். மேலே குரோமியப் பூச்சு இட்டுவிட்டால் இரண்டும் கண்ணுக்கு ஒரே பளபளப்பு. நாகக் கலவை ஏறத்தாழ 390 பாகை செல்சியசிலேயே உருகிவிடும், பித்தளைக்கு 900 பாகை அளவு வெப்பம் வேண்டும். ஆகவே நாகத்தை அச்சில் வார்ப்பது மிகவும் மலிவான வேலை. மலிவாகச் செய்ததை மலிவாக விற்பதில் எனக்குக் குறையில்லை. பித்தளை என்று கேட்டு வந்தவனுக்கு அதைக் கொடுத்ததுதான் தவறு.

முறிந்த இடத்தைப் பார்த்தபோதே சந்தேகம் எழுந்தது. பித்தளை முறிந்தால் உள்ளே மஞ்சளாக இருக்கும். இது சாம்பல் நிறத்தில், உடைந்த சீனிக்கட்டியைப் போலப் பருக்கை பருக்கையாக இருந்தது. திருகுப் புரிகளில் பாதி வெள்ளை மாவாக உதிர்ந்தது. உறுதி செய்துகொள்ள, சமையலறைத் தராசில் அதன் அடர்த்தியை அளந்தேன். இந்த முறையை யாரும் வீட்டில் செய்யலாம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கைப்பிடி, கார்ட்ரிஜ், வாயில் இருக்கும் வலைச்சல்லடை ஆகிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் உடலை மட்டும் நிறுத்தேன்: 213 கிராம். பிறகு தராசின்மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பைப்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுவதும் மூழ்கும்படி கையால் பிடித்துத் தொங்கவிட்டேன். குழிகளுக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை தண்ணீருக்குள்ளேயே சற்று ஆட்ட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். தராசு 32 காட்டியது. அந்த எண்தான் உலோகத்தின் கனவளவு, 32 மில்லிலீற்றர். 213ஐ 32ஆல் வகுத்தால் 6.66 வருகிறது. நாகக் கலவையின் அடர்த்தி 6.6 முதல் 6.7 வரை, பித்தளையின் அடர்த்தி 8.4க்கு மேல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அப்பா காலத்தில் கிணற்றடியில் இருந்து கழற்றி வைத்த பழைய பைப்பையும் அதேபோல அளந்தேன். 298 கிராம், 35 மில்லிலீற்றர், அதாவது 8.5. தராசு ஒரு கிராம் முன்பின் காட்டினாலும் இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று குழம்புவதற்கு இடமில்லை.

ஏன் கழுத்தில் முறிந்தது என்பதைச் சுவருக்குள் மீந்திருந்த துண்டை எடுக்க வந்த பைப் வேலைக்காரர்தான் காட்டினார். சுவருக்குள் இருக்கும் பிவிசி எல்போவின் உட்புரி பித்தளையால் ஆனது. அதற்குள் நாகத்தாலான கழுத்து திருகப்பட்டிருந்தது. இரு வேறு உலோகங்கள் உப்புத்தன்மையுள்ள நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், மின்கலத்தில் நடப்பதைப் போல, அவற்றுள் தாக்கம் கூடிய உலோகம் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். இங்கே கரைவது நாகம். கடலோரத்துக் கிணறுகளில் குளோரைட்டு கூடுதலாக இருப்பதால் அந்தக் கரைவு இன்னும் வேகமாக நடக்கிறது. பித்தளைக் கார்ட்ரிஜ் பூட்டியிருந்த மேற்பக்கப் புரியிலும் இதே அரிப்பு இருந்தது. கடைக்காரர் எனக்குப் பெருமையாகக் காட்டிய அந்த மஞ்சள் துண்டே, அதைச் சுற்றியிருந்த உடலைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

இதற்கு என் பங்கும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்று நீர் வன்னீர். கேத்தலின் அடியில் சில வாரங்களிலேயே வெள்ளைப் படை கட்டிவிடும். கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த அந்தச் சுண்ணாம்புப் படிவு எந்த உலோகத்தையும் பார்த்துப் படிவதில்லை. நீர் நின்று உலரும் இடமெல்லாம், குறிப்பாக வாய்ச்சல்லடையிலும் கார்ட்ரிஜின் செரமிக் தட்டுகளுக்கு ஓரத்திலும், எல்லா வகைப் பைப்பிலும் படியும். தட்டுகளில் படிந்தால் கைப்பிடி இறுகும், இறுகினால் நாம் பலமாகத் திருகுவோம், அந்த விசை முழுவதும் ஏற்கெனவே அரித்துப்போன கழுத்தில் இறங்கும். நான் மாதம் ஒருமுறை வினாகிரியில் நனைத்த துணியைப் பைப்பில் சுற்றி இரவு முழுவதும் விட்டுவைப்பேன். வினாகிரி படிவைக் கரைக்கும் என்பது சரிதான். ஆனால் குரோமியப் பூச்சில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அதன் வழியே இறங்கி நாகத்தையும் கரைக்கும். பித்தளைக்கு அரை மணித்தியாலம் வைத்து நன்றாகக் கழுவிவிட்டால் கேடில்லை. நாகத்துக்கு அதையும் செய்யாமல், சல்லடையை மட்டும் கழற்றித் தனியே ஊறவைப்பதே நல்லது. கழிப்பறை அசிட்டை எந்தப் பைப்பின்மேலும் ஊற்றவே கூடாது.

சுண்ணாம்புப் படிவு எது, நாகத்தின் அரிப்பு எது என்று பிரித்தறிய முடியும். படிவு நீர் ஓடும் தடத்தில் மேலே ஒட்டியிருக்கும். அதை எடுத்தால் அடியில் பூச்சு வழவழப்பாக இருக்கும். அரிப்பு பூச்சுக்கு உள்ளிருந்து கிளம்பும். முதலில் கொப்புளம்போல மேடாகும், கொப்புளத்தை நகத்தால் கீறினால் வெள்ளைத் தூளும் அதற்குக் கீழே சாம்பல் நிறக் குழியும் தெரியும், துடைத்தாலும் சில நாட்களில் திரும்ப வரும். என் பைப்பின் கழுத்துக்குக் கீழ்ப்பக்கத்தில் அப்படி மூன்று கொப்புளங்கள் பல மாதங்களாக இருந்தன. நான் அவற்றை உப்பு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பித்தளையும் அழியாத பொருள் அல்ல. குளோரைட்டு மிகுந்த நீர் ஓடாமல் தேங்கி நிற்கும் இடங்களில் பித்தளையிலிருந்து நாகம் மட்டும் வெளியேறி, செந்நிறச் செப்பு பஞ்சுபோல எஞ்சிவிடும். அப்பாவின் பைப்பில் வாஷர் அமரும் இடத்தில் அந்தச் சிவப்புத் திட்டு இருக்கிறது. ஆனால் அது 14 ஆண்டுகள் வேலை செய்த பிறகுதான் கசியத் தொடங்கியது. அத்தனை காலமும் அதில் மாற்றியது ரப்பர் வாஷர் மட்டுமே.

பணம் குறைவாக உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பளபளக்கும் நாகப் பைப்பை விட, பிளாஸ்ரிக் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பிளாஸ்ரிக் பைப் எவ்வளவோ மேல். உப்பு நீர் அதை அரிக்காது, அடுத்துள்ள பித்தளைப் புரியோடு அது மின்கலமும் ஆகாது. எங்கள் வெளிக் கழிப்பறையில் ஒன்று ஆறு ஆண்டுகளாக இருக்கிறது, ஒருமுறைதான் உட்பகுதியை மாற்றினோம். அதன் பலவீனங்கள் வேறு. ஸ்பனரால் இறுக்கினால் புரி அடியில் மயிரிழை வெடிப்பு விழும், அது உடனே தெரியாமல் வாரங்கள் கழித்துச் சொட்டத் தொடங்கும். ஆகவே திரெட் டேப் சுற்றிக் கையால் மட்டுமே இறுக்க வேண்டும். வெயிலில் நின்றால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். சுடுநீர் வரும் இணைப்பில் மலிவான பிளாஸ்ரிக்கைப் போடக் கூடாது.

வாங்கும் இடத்தில் தண்ணீரும் தராசும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் ஒரு சிறு அரம் கொண்டுபோகலாம். சுவருக்குள் மறையும் புரியின் நுனியில் ஓர் இழுப்பு இழுக்க அனுமதி கேளுங்கள். முதல் இழுப்பில் தெரியும் நிறத்தை ஒரேயடியாக நம்பிவிட வேண்டாம், நாகத்தின்மேலும் பூச்சுக்கு அடியில் மெல்லிய செப்புப் படலம் இடுவதுண்டு. ஆகவே அந்தச் செம்மையைத் தாண்டும்வரை இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளேயும் மஞ்சளாகவே இருந்தால் பித்தளை. வெண்சாம்பலாக மாறினால் நாகம்.

முறிந்த துண்டையும் சிட்டையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "உங்கட தண்ணி உப்பு ஐயா, அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது" என்பதே பதிலாகக் கிடைத்தது. சிட்டையில் "அரை இஞ்சி பைப் 4" என்று மட்டும் எழுதியிருந்தது. பித்தளை என்ற சொல்லே இல்லை. அதை வாங்கும்போது நான் கவனிக்கவில்லை. சுவர்த்தட்டை உடைத்து, வாள் அலகால் இரண்டு இடங்களில் அறுத்து, மீந்த கழுத்தைப் பெயர்த்தெடுத்துத் திரும்பப் பூசிய செலவு, நான்கு பைப்பின் விலையையும் விட அதிகமாக வந்தது.

இம்முறை "உடல் பித்தளை" என்று சிட்டையில் எழுதித் தரும்படி கேட்டேன். முதல் கடையில் அப்படி எழுதுவது வழக்கமில்லை என்றார்கள். அடுத்த கடையில் மறுபேச்சின்றி எழுதிக் கையெழுத்திட்டார்கள். அங்கேயே இரண்டு வாங்கினேன். மற்ற இரண்டு நாகப் பைப்புகள் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன. அடுத்த மாதம் அவற்றையும் மாற்றும்வரை, வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே போனாலும், தாங்கியின் அடியில் இருக்கும் கேற் வால்வை மூடிவிட்டுத்தான் போகிறோம்.